தரையில் வரைந்த உடம்பில் இரைப்பை எங்கே?

"எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பு, உள்ளுறுப்பு எல்லாம் தரையில் உடம்பு வரைந்து விளையாட்டாகச் சொல்லித்தரலாம் என்று இருக்கிறேன். எங்கே ஆரம்பிக்க?"

எலும்பில் ஆரம்பியுங்கள். நான் முதல் தடவை நேராக உறுப்புகளுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். ஒரு சிறுமி இரைப்பை அட்டையைத் தொப்புள் மேல் வைத்தாள். தப்பு என்றதும், "வயிறு வலிச்சா இங்கதானே கை வைப்போம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். நாம் மொத்தத்தையும் வயிறு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தொப்புளைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சிறுகுடல். இரைப்பை அதற்கு மேலே, இடது பக்கம், பாதி விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் வெறும் கோட்டு உருவத்தில் விலாவே இல்லையே, அவள் எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்?

அதனால் இப்போது முதலில் நான்கே அடையாளங்கள்: காறை எலும்பு, நடு மார்பெலும்பு, கடைசி விலா, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. ஒவ்வொன்றையும் பிள்ளைகள் தங்கள் உடம்பில் விரலால் தடவிக் கண்டுபிடித்த பிறகுதான் சாக்பீஸால் படத்தில் போட வேண்டும். கடைசி விலாதான் கொஞ்சம் சிரமம். பக்கவாட்டில் கை வைத்து மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னால் தட்டுப்படும்.

ஒரு பிள்ளையைத் தரையில் மல்லாந்து படுக்க வைத்து, சுற்றி உருவம் வரையும்போது சாக்பீஸ் செங்குத்தாக நிற்கட்டும். சாய்ந்தால் உடம்புக்கு அடியில் போய் ஆள் ஒல்லியாகிவிடுவான். கால்களின் உள்பக்கத்தை முழங்கால் வரை மட்டும் வரைந்துவிட்டு, பிள்ளை எழுந்த பிறகு மீதியைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் இடது வலது குழப்பம். மல்லாந்து படுத்த உருவத்தைக் கால்மாட்டில் நின்று பார்த்தால் அதன் வலது கை நம் இடது பக்கம் தெரியும். தலைமாட்டுக்குப் போனால் மாறிவிடும். பிள்ளைகள் ஓடி விளையாடும்போது இது சீக்கிரமே சண்டையில் முடியும். எல்லோர் வலது மணிக்கட்டிலும், படத்தின் வலது மணிக்கட்டிலும் ஒரு சிவப்பு நூல் போட்டுவிட்டேன், சண்டை நின்றது.

விளையாட்டு இதுதான்: உறுப்பின் பெயரைச் சொன்னதும் ஒரு பிள்ளை அட்டையை வைக்க வேண்டும். சரியா தப்பா என்று நான் சொல்வதில்லை. இன்னொரு பிள்ளை உருவத்துக்குள் படுத்து, அடையாள எலும்பைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். இதயத்தை எப்போதும் இடது அக்குளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். மார்பெலும்பின் மேல் வைத்து, பெரிய பாதி இடப்பக்கம் வரும்படி நகர்த்தினால் சரி. அட்டை அந்தப் பிள்ளையின் மூடிய கை அளவு இருந்தால் போதும்.

சிறுநீரகங்களை மட்டும் முதலிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள், கடைசி விலா மட்டத்தில், முதுகெலும்புக்கு இரு புறமும். பிறகு குடல், கல்லீரல், இரைப்பை எல்லாம் வந்து அவற்றை மூடிவிடும். "காணோமே!" என்பார்கள். அப்போது படுத்திருக்கும் பிள்ளையைக் குப்புறத் திருப்பி, முதுகுப் பக்கம் காட்டுங்கள்.