'என்ன செய்தி?' என்று கேட்கலாமா?

ஐயாவுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கின் முகப்பில் வேலை செய்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் நம் முதியவர்களிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எங்கள் மலாய்த் தாதி ஆசைப்பட்டார். 'அபா கபார்' என்பதற்கு 'என்ன செய்தி' என்றும், 'நா கெ மானா' என்பதற்கு 'எங்கே போறீங்க' என்றும் எழுதிக் கொடுத்தேன். ஒரு பாட்டி முகம் சுருங்கி, "சேதி ஒண்ணும் இல்லம்மா, மருந்து வாங்கத்தான் வந்தேன்" என்றார். வாசல் வரை போன ஒரு தாத்தா திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே எழுதினேன்? எங்கே பிழை?

ஒரு வாசகி, பேரா

அன்புள்ள தங்கைக்கு,

அகராதிப்படி பிழை எதுவும் இல்லை. கபார் என்பது அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். அதற்குச் செய்தி என்பதே பொருள். நாளிதழையும் 'சூராட் கபார்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அபா கபார் என்று கேட்கும் மலாய்க்காரர் எந்தச் செய்தியையும் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. 'கபார் பாய்க்' என்ற விடை அந்தக் கேள்வியோடு சேர்ந்தே வருவது; காய்ச்சலோடு நிற்பவர்கூடப் பெரும்பாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் காய்ச்சலைப் பற்றிப் பேசத் தொடங்குவார். தமிழில் 'என்ன சேதி' என்று கேட்டால் வந்த காரணத்தைச் சொல் என்று அர்த்தம். தோட்டத்து ஆபீஸ் வாசலில் தயங்கி நிற்பவரைப் பார்த்துக் கிராணி தலையை நிமிர்த்தாமல் கேட்கும் கேள்வி அது. பால்மரக் காட்டில் காலமெல்லாம் உழைத்த ஒரு பாட்டியின் காதில் அது வேறு எப்படி விழும்? கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் நேர்மையாக விடை சொன்னார். முகம் சுருங்கியதற்கும் அதுவே காரணம்.

இன்னொன்றும் விடுபட்டுப் போயிற்று. அபா கபார் என்ற தொடரில் 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ எந்தச் சொல்லும் கிடையாது. பெரியவர்களிடம் பேசும் மலாய்க்காரர் மரியாதையை அதன் பக்கத்தில் வைக்கிறார்: 'அபா கபார், மாக்சிக்?' என்கிறார். உங்கள் தாதியும் பல முறை அந்த 'மாக்சிக்' என்ற சொல்லோடுதான் கேட்டிருப்பார். நீங்கள் எழுதிக் கொடுத்த தாளில் அந்தச் சொல்லுக்குரிய 'பாட்டி' இல்லை. அதை இழந்த பிறகு, மீதியிருந்த இரண்டு சொல்லும் விசாரணையாக ஆகிவிட்டன.

இனி அந்தத் தாத்தாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்த இடம் அதுதான். 'நா கெ மானா' என்பது கம்பத்தில் எதிரே வருபவரைக் கண்டதும் சொல்லும் வாழ்த்து. 'ஜாலான்-ஜாலான்', சும்மா நடக்கிறேன், என்றால் போதும்; யாரும் ஊர்ப் பெயரைக் கேட்டு நிற்க மாட்டார்கள். மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923இல் எழுதிய கட்டுரையில், மெலனீசியத் தீவுகளில் மக்கள் சொல்லும் 'எங்கிருந்து வருகிறாய்' என்பதை ஆங்கிலேயரின் 'இன்று நல்ல நாள்' என்பதோடு ஒரே வரிசையில் வைத்தார். இரண்டுமே தகவலுக்காகச் சொல்லப்படுபவை அல்ல, இரண்டு மனிதர் எதிரெதிரே நிற்கும்போது ஏற்படும் இறுக்கத்தைத் தளர்த்துபவை என்பது அவர் கண்டது. மலாய்க்காரரின் 'கெ மானா'வும் அந்த வரிசையைச் சேர்ந்ததே.

நம்மிடமோ, கிளம்பி நிற்பவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்பதே தடை. என் தாத்தா லயத்து வாசற்படியில் கால் வைத்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் "எங்க தாத்தா?" என்று கேட்டுவிட்டால், அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே திரும்பி வருவார், செருப்பைக் கழற்றுவார், திண்ணையில் உட்காருவார், அம்மா கொடுக்கும் தண்ணீரில் இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பிறகுதான் புறப்படுவார். கேட்டே ஆக வேண்டும் என்றால் அம்மா "தூரமா?" என்பாள். அதே போல 'போகிறேன்' என்ற சொல்லையும் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்பார்கள். உங்கள் கிளினிக்கில் அந்தத் தாத்தா உட்கார்ந்தது கோபத்தால் அல்ல. தடைபட்ட பயணத்தை மறுபடி தொடங்குவதற்காகவே உட்கார்ந்தார். அவருக்கு யாராவது ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்திருந்தால் மனம் நிறைந்து போயிருப்பார். மலாய்க்காரரோடு கலந்து வளர்ந்த நம் இளைஞர்கள் பலர் 'எங்க போறீங்க' என்று இயல்பாகவே கேட்கிறார்கள், அவர்களுக்குள் அது உறுத்துவதில்லை. உங்கள் கிளினிக்குக்கு வருபவர்கள் அவர்களுடைய பாட்டன் பாட்டிமார்.

ஒரு வாழ்த்தை மொழிபெயர்த்ததும் நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு எதிராளி யோசிக்காமல் சொல்லும் ஆயத்த விடை என்ன என்று பார்ப்பேன். அப்படி ஒரு விடை இருந்தால் அது அந்த மொழியிலும் வாழ்த்து. அவர் யோசித்து விவரம் சொல்லத் தொடங்கினாலோ, தயங்கினாலோ அது வெறும் கேள்வியாகிவிட்டது என்று பொருள். 'நல்லா இருக்கீங்களா' என்பதற்கு 'இருக்கேம்மா' என்ற விடை தயாராக இருக்கிறது. கேள்விக்குள்ளேயே நல்ல சொல்லை வைத்து நீட்டுவதால் வாங்குபவருக்கும் எளிது. 'எப்படி இருக்கீங்க' என்பது இப்போது எங்கும் புழங்குகிறது என்றாலும், கிளினிக்கில் தாதி கேட்டால் பாட்டி முட்டிவலியிலிருந்து தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

'சாப்டாச்சா' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் பழுதில்லை. மலாய்க்காரர் 'சுடா மாக்கான்' என்கிறார், ஹொக்கியன் பேசும் சீனரும் இதையே கேட்கிறார். மூவருக்கும் அந்த இடத்தில் சோற்றைப் பற்றிய கேள்வி இருப்பதால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க முடிகிறது. ஆங்கிலேயர் ஒருவரிடம் அவருடைய மொழியில் இதையே கேட்டால் விருந்துக்கு அழைப்பதாக நினைத்துக்கொள்வார்.

ஆனால் உங்கள் இடத்தில் இந்த 'சாப்டாச்சா'வைக் கவனமாகக் கையாளச் சொல்வேன். வெறும் வயிற்றில் சர்க்கரைச் சோதனைக்கு வருபவர் எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அவரிடம் தாதி அன்போடு "சாப்டாச்சா பாட்டி?" என்றால், பட்டினியாக வந்தவரும் பழக்கத்தில் "ஆச்சும்மா" என்பார், ஏனென்றால் அந்த வாழ்த்துக்கு அதுதான் விடை. சோதனை வீணாக ஒத்திப்போகும். ஆகவே வாழ்த்து முடிந்த பிறகு, தனியாக, "விடிஞ்சதிலேருந்து தேத்தண்ணி, பிஸ்கட் ஏதாவது வாயில போட்டீங்களா பாட்டி?" என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும். அப்போது பாட்டி யோசித்துத்தான் பதில் சொல்வார். இங்கே நமக்கு வேண்டியதும் அதுவே.

தாளை இப்படித் திருத்திக் கொடுங்கள். வருபவரைப் பார்த்ததும் "வாங்க பாட்டி, நல்லா இருக்கீங்களா?", 'வாங்க' என்பதே நம் முதல் வாழ்த்து என்பதைத் தாதிக்குச் சொல்லுங்கள். மலாயில் 'ஜும்பா லாகி' என்று விடைகொடுப்பது அழகு என்றாலும், நோயாளியிடம் 'மறுபடி பார்க்கலாம்' என்று தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள்; கிளினிக்குக்கு மறுபடி வர நேரக் கூடாது என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்கள். "உடம்பைப் பாத்துக்குங்க தாத்தா" என்பது போதும். அதையும் அவர் வாசலுக்குப் போன பின் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொல்லாமல், மருந்துப் பையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லச் சொல்லுங்கள்.