முப்பது குறள் ஒப்பிக்கிறாள், 'தற்று' என்றால் விழிக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. முப்பது குறளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். பொருள் கேட்டால் அதையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். ஆனால் தம்பியிடம் வாயைத் திறந்தால் 'போடா லூசு'தான். புரிந்து படிக்க வைப்பது எப்படி?

பதில்: முப்பதையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு குறளோடு ஒரு வாரம் இருங்கள். தம்பி விவகாரம் இருப்பதால் நூறாவது குறளையே எடுத்துக்கொள்ளலாம்.

இனிய உளவாக இன்னாத கூறல்
கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று

அவள் சொல்லும்போது கடைசியை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். 'காய்கவர்ந்' என்று நிறுத்தி, 'தற்று' என்று முடிப்பாள். தற்று என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பாள். விழிக்கத்தான் வேண்டும், அப்படி ஒரு சொல் இங்கே இல்லை. கவர்ந்து, அற்று என்ற இரண்டும் சேர்ந்து கவர்ந்தற்று ஆகியிருக்கிறது. குறளில் முதல் அடிக்கு நான்கு சீர், அடுத்த அடிக்கு மூன்று சீர். அந்தக் கணக்குக்காகச் சொல்லை நடுவில் உடைத்து அச்சிடுகிறார்கள். அது ஓசைக்கான பிரிப்பு. பொருள் சொல்லும்போது வேறு பிரிப்பு வேண்டும். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள்:

இனிய உளவாக, இன்னாத கூறல், கனி இருப்ப, காய் கவர்ந்து அற்று.

அற்று என்பதற்கு இங்கே 'அதைப் போன்றது' என்று பொருள். 'பயனற்று' என்பதில் வரும் அற்று வேறு. இதைச் சொல்லாமல் விட்டால் பெரிய பிள்ளைகளே குழம்பிவிடுகிறார்கள்.

அப்புறம், பொருளை இரண்டாம் அடியிலிருந்து தொடங்குங்கள். ஏழு வயதுக்கு 'இன்னாத கூறல்' எட்டாது, கனியும் காயும் எட்டும். "பழமும் இருக்கு, காயும் இருக்கு. பழத்தை விட்டுட்டு ஒருத்தர் காயைக் கடிச்சா என்ன சொல்லுவே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். என் வகுப்பில் ஒரு பையன் உடனே, "எனக்கு மாங்காய்தான் சார் பிடிக்கும்" என்றான். நியாயமான மறுப்பு! இதை அடக்கிவிடாதீர்கள். பரிமேலழகரும் இந்த இடத்தில் எந்தக் கனி, எந்தக் காய் என்று விளக்கத்தான் செய்கிறார். கனி என்றது ஔவை உண்ட நெல்லிக்கனி போன்றது, காய் என்றது காஞ்சிரங்காய் போல நஞ்சானது என்கிறார். காஞ்சிரங்காய் என்றால் எட்டிக்காய். இதைச் சொன்னதும் அந்தப் பையன், "அப்போ மாங்காய் கணக்கில் வராது" என்று சமாதானமானான். அன்றைக்கு அந்தக் குறள் அவனுக்குச் சொந்தமாகிவிட்டது.

மறுநாள் முதல் அடிக்கு வாருங்கள். இங்கே முக்கியமான சொல் 'உளவாக'. நல்ல சொல் இல்லாமல் போகவில்லை, கைவசம் இருக்கும்போதே கெட்டதை எடுக்கிறோம் என்பதுதான் பேச்சு. ஆகவே 'போடா லூசு' என்று சொன்ன இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அவளையே தேட விடுங்கள். "என் பென்சிலைக் கொடுடா, அப்புறம் தர்றேன்" என்பது போல ஏதாவது வரும். அதுதான் அவளுடைய கனி. நீங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் நிற்காது.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். அவள் தம்பியைத் திட்டும் அதே நிமிடம், "நூறாவது குறள் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். குறள் பிரம்பாகிவிடும், அதன் பிறகு அதைக் கேட்டாலே முகம் சுருங்கும். சண்டை ஆறி, இரவு படுக்கும்போது பேசுங்கள்.

பொருள் பிடிபட்ட பிறகுதான் ஒப்பித்தல். அப்போது சீர் பிரித்தே சொல்லட்டும், தாளம்தான் பாட்டை நினைவில் நிறுத்துகிறது. தினமும் பத்து முறை சொல்ல வைப்பதைவிட, ஒரு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு ஒருமுறை கேட்பது மேல். தடுமாறினால் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

தம்பி இன்னும் சின்னவன் என்றால் அவனுக்குக் குறள் வேண்டாம், ஆத்திசூடியே போதும். 'ஆறுவது சினம்' என்றால் எண் ஆறா என்று கேட்பான். சூடான பால் ஆறுவதைக் காட்டினால் முடிந்தது.

புரிந்ததா என்று பார்க்க, பொருளைக் கேட்காதீர்கள், மனப்பாடம்தான் திரும்பி வரும். அதற்குப் பதில் ஒரு சங்கடமான நிலைமையைக் கொடுங்கள்: "தம்பி மின்சார பிளக்கில் விரலை வைக்கப் போறான், நீ 'டேய், எடுடா கையை!'ன்னு கத்துறே. இது கனியா, காயா?" அவள் யோசித்து, காரணத்தோடு எதைச் சொன்னாலும் சரிதான். உடனே ஒப்பிக்கத் தொடங்கினால் இன்னும் ஒரு வாரம் இதே குறளில் இருங்கள்.

சீக்கிரமே வேறொரு நாளும் வரும். நீங்கள் போனில் யாரிடமோ எரிந்து விழுவீர்கள், பக்கத்தில் இருந்து "அம்மா, காய்!" என்று குரல் வரும். அப்போது கோபித்துக்கொள்ளாமல், அந்த வாக்கியத்தை அவள் முன்னாலேயே மாற்றிச் சொல்லிவிடுங்கள்.