நிஃப்டிக்கும் லிக்விட் ஃபண்டுக்கும் நடுவே டூயல் மொமென்டம் முறையில் பணத்தை மாற்றினால் பெரிய சரிவிலிருந்து தப்பிக்கலாமா? மாதம் ஒருமுறை பார்த்தால் போதுமா?

மாதம் ஒருமுறை போதும். மெதுவாகச் சரியும் சந்தையில் தப்பிக்கலாம். சட்டென்று விழுந்து சட்டென்று எழும் சந்தையில் இந்த முறை திணறும். 2020-ல் சரிவிலிருந்து தப்பித்ததும் நடந்தது, திரும்ப உள்ளே வரத் திணறியதும் நடந்தது.

நான் வைத்திருக்கும் விதி இதுதான். மாதத்தின் கடைசி வர்த்தக நாளில், டிவிடெண்டையும் சேர்த்த நிஃப்டி 50 டிஆர்ஐ கடந்த 12 மாதத்தில் எவ்வளவு தந்தது, லிக்விட் ஃபண்ட் எவ்வளவு தந்தது என்று பார்ப்பேன். நிஃப்டி முந்தினால் பணம் அங்கேயே இருக்கும். பிந்தினால், தங்கம், லிக்விட் இரண்டில் அதே 12 மாதத்தில் அதிகம் தந்ததற்கு மாறும். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

2020 பிப்ரவரி இறுதியில் நிஃப்டி சுமார் 11,200. முந்தைய பிப்ரவரியில் 10,790. ஏற்றம் 4 சதவீதத்துக்கும் குறைவு, டிவிடெண்டைச் சேர்த்தால் 5 சதவீதம். லிக்விட் ஃபண்ட் 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக, வெளியேறச் சொல்லிவிட்டது. மார்ச் இறுதியில் நிஃப்டி 8,600க்கு வந்தது. பிரமாதம்!

ஆனால் திரும்ப உள்ளே வருவதைப் பாருங்கள். ஏப்ரலிலேயே சந்தை எழத் தொடங்கிவிட்டது. இருந்தும் ஒப்பீடு முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு என்பதால், ஜூலையில் 11,070 வந்தபோதும் அது 2019 ஜூலையின் 11,118-ஐத் தாண்டவில்லை. ஆகஸ்டில் இரண்டும் ஏறத்தாழ சமம், செப்டம்பரில் மறுபடி பின்தங்கியது. தெளிவான சமிக்ஞை நவம்பர் இறுதியில்தான் வந்தது, அப்போது நிஃப்டி சுமார் 12,970. அதாவது 11,200-ல் விற்றதை 16 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டும். லிக்விட்டில் காத்திருந்தவருக்கு இடையில் கிடைத்த வட்டி அதில் சிறு பகுதிதான். சரிவில் மாட்டாமல் நிம்மதியாகத் தூங்கிய அவர், நிஃப்டியைச் சும்மா வைத்திருந்தவரைவிடப் பின்தங்கிவிட்டார்.

தங்கத்துக்கு மாறியவர் நிலைமை பரவாயில்லை. பிப்ரவரியில் அதன் 12 மாத ஏற்றம் 20 சதவீதத்துக்கு மேல், எனவே விதி தங்கத்தைத்தான் காட்டியது. அந்த ஒன்பது மாதத்தில் அது 10 சதவீதத்துக்கு மேல் ஏறி, இடைவெளியின் பெரும்பகுதியை அடைத்தது. ஒவ்வொரு தடவையும் தங்கம் இப்படிக் கைகொடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்புறம் வரி. நிஃப்டி ஃபண்டை ஓராண்டுக்குள் விற்றால் இப்போது லாபத்தில் 20 சதவீதம் போகும், லிக்விட் ஃபண்டின் லாபம் உங்கள் வருமான வரி வரம்புப்படி. ஆகஸ்ட், செப்டம்பர் போல அடுத்தடுத்த மாதங்களில் உள்ளே வெளியே என்று மாறினால் இது சத்தமில்லாமல் அரிக்கும். அதனால் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருக்கும் மாதத்தில் நான் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் வித்தியாசமே ஏறத்தாழ அந்த 1 சதவீதம்தான், எனவே இந்த விலக்கு அன்றைய வெளியேற்றத்தையும் தடுத்திருக்கலாம். பரீட்சித்துப் பார்க்கும்போது வரியையும் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.