மூலத்தோடு ஸ்கூட்டியும் இரவுப் பேருந்தும்

கேள்வி: தினமும் ஆபீசுக்குப் போக வர பைக்கில் ஒன்றரை மணி நேரம். மாதம் இரண்டு முறை ஊருக்கு இரவு பஸ். மூலம் இருக்கிறது. பகலில் வலியையும் சுத்தத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஒரு பெண் இதையெல்லாம் பொதுவில் எழுத வேண்டுமா என்று கேட்க ஆள் வரும் என்று தெரியும். பிரசவத்துக்குப் பிறகு எத்தனை பேருக்கு இது வருகிறது என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம். நான் மருத்துவர் இல்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸுக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறவள். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். உங்களுடைய அதே பிழைப்புதான்.

முதலில் ஒன்று. வலிக்கிறது என்கிறீர்களே, அது மூலம்தான் என்று யார் சொன்னது? பார்த்துச் சொன்னார்களா, நீங்களே முடிவு செய்ததா? உள்மூலம் பொதுவாக வலிக்காது. அது இருக்கும் உட்பகுதியில் வலியை உணரும் நரம்பு கிடையாது. மலம் கழித்த பிறகு சொட்டுச் சொட்டாகச் சிவந்த ரத்தம் வரும், முக்கினால் சதை வெளியே தள்ளும், அவ்வளவுதான். மலம் வெளியேறும்போது கத்தியால் கீறுவதுபோல் வலித்து, அதன்பின் வண்டியில் உட்கார்ந்தும் ஒரு மணி, இரண்டு மணி எரிகிறது என்றால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. அதற்கான மருந்து வேறு. திடீரென்று ஓரத்தில் நீலம் பாரித்த கட்டி வந்து உட்காரவே முடியவில்லை என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. வீக்கம், வலியோடு காய்ச்சலும் இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. இந்த நான்கையும் மூலம் என்று ஒரே கணக்கில் போட்டுவிட்டு, கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு வருஷக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் எங்கள் பார்க்கிங்கிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு வந்தது மூன்றாவது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பேருந்திலேயே. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை தெரியுமல்லவா, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போக வேண்டிய சாலை. அன்று பகலெல்லாம் அதில் போய்வந்துவிட்டு, மாலை நேரே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். ஏறக்குறைய 600 கி.மீ., கடைசி வரிசைதான் கிடைத்தது. மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று எந்தப் பெண்ணிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன்: வண்டி நிற்கும் இடத்தில் எங்களால் ஓரமாக ஒதுங்க முடியாது. விடியற்காலை வயிறு முட்டியது, பேருந்து எங்கும் நிற்கவில்லை, அடக்கிக்கொண்டேன். ஊர் போய்ச் சேர்ந்து கழிப்பறையில் முக்கிய முக்கில் சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி.

அம்மா துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டினாள். (சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் கருணைக்கிழங்குக் குழம்பு வைக்காத வாரம் கிடையாது.) வலி குறையவில்லை. மறுநாள் ஊரில் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனோம். அந்த மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "இந்தக் கட்டியின் வலி முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சத்தில் இருக்கும். 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம், வலி உடனே குறையும். அதைத் தாண்டி வந்தால் அநேகமாகத் தொட மாட்டோம், தானாகவே சில வாரத்தில் வற்றிவிடும்." நான் எடுத்துக்கொண்டேன். பிறகு சில நாள் கசிவு இருந்தது, நாப்கின் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது பேருந்து வேண்டாம் என்று ரயிலில் கீழ் பெர்த்தில் ஒருக்களித்துப் படுத்து வந்தேன்.

அந்த மருத்துவரிடம் கேட்டேன், வண்டி ஓட்டியதால் வந்ததா என்று. வண்டி மட்டும் மூலத்தை உண்டாக்காது, ஏற்கெனவே வீங்கியிருப்பதை உரசி, சூடாக்கி, தொந்தரவைக் கூட்டும், ஆனால் காரணம் இறுகிய மலமும் முக்குவதும்தான் என்றார். பகல் வலியைப் பகலில் சரிசெய்ய முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மலம் எப்படிப் போகிறதோ அதுதான் அன்றைய பயணத்தைத் தீர்மானிக்கிறது.

ஆகவே நான் செய்வது இதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இசப்கோல் உமி இரண்டு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டியாகும் முன் மடமடவென்று குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், ஒரு நாள் குடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று விடாதீர்கள். தண்ணீர் குடிக்க வழியில்லாத நாளில் இதைத் தொடவே கூடாது. உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும், இறுகல் இன்னும் மோசமாகும். பேருந்தில் கிளம்பும் நாளில் நான் எடுப்பதில்லை. கழிப்பறைக்குள் கைப்பேசி கொண்டுபோவதை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுவேன், மறுபடி முட்டும்போது போனால் போதும்.

சுத்தம் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் அளவுக்கு மீறித்தான் கழுவுகிறார்கள். சோப்பு, டெட்டால் இரண்டும் அந்த இடத்துத் தோலை வறள வைத்து அரிப்பை உண்டாக்கும். வெறும் தண்ணீர் போதும். கழுவியபின் ஈரத்தோடு உடுத்திக்கொண்டு வண்டியில் ஏறினால் அரை மணியில் வெந்துபோகும். மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு மணமில்லாத வாசலின் மெல்லிசாக ஒரு பூச்சு. வியர்வையும் உரசலும் நேரடியாகத் தோலில் படாது. கைப்பையில் ஒரு பழைய அரை லிட்டர் பாட்டில், மூடியில் நான்கு துளை போட்டது. அலுவலகத்தில் பைப் இருக்கும், வழியில் இருக்காது. மாற்று உள்ளாடை ஒன்று, பருத்தியில். கோடையில் மதியம் மாற்றிக்கொள்வேன். ரத்தக் கசிவு இருந்தால் ஆண்களும் நாப்கின் வைக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் நாள் முழுக்க ஒன்றையே வைத்திருந்தால் அதுவே புழுங்கும். மரத்துப்போகச் செய்யும் களிம்பும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் சில நாளைக்குத்தான். மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் தோல் மெலிந்து வேறு தொல்லை வரும்.

மாலை வீடு திரும்பியதும் அகலமான டப்பில் பொறுக்கக்கூடிய வெதுவெதுப்பான தண்ணீர், பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது. உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பகலெல்லாம் இறுகிக் கிடந்த தசை தளர்கிறது, மாத்திரையைவிட எனக்கு இதுதான் கேட்கிறது.

வண்டி விஷயம். ரெக்சின் சீட் வெயிலில் நின்றிருந்தால் அப்படியே உட்காராதீர்கள், வெள்ளைத் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டு காய்ந்த துண்டை விரித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையை வண்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வழுக்கினால் ஆபத்து, அதுபோக ஓட்டைக்குள் சதை தொங்கி வீக்கம் கூடலாம் என்று அந்த மருத்துவரே வேண்டாம் என்றார். ஸ்பீட் பிரேக்கர் வரும்போது வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் வண்டியின் கால் வைக்கும் தட்டில் ஊன்றி இடுப்பைச் சற்றே தூக்கிக்கொள்வேன். உங்கள் பைக்கில் ஃபுட்ரெஸ்ட் இருப்பதால் இன்னும் எளிது. டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புவரை வரும். படப்பை தாண்டி ஒரு டீக்கடையில் இரண்டு நிமிடம் இறங்கி நிற்பேன். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்.

பேருந்துக்கு: கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், பின் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். நடுப்பகுதி, நடைபாதை ஓர இருக்கை. எழுந்து நிற்கப் பக்கத்து ஆளைக் கெஞ்ச வேண்டியதில்லை. கையில் காசு இருந்தால் படுக்கை வசதிப் பேருந்து, ஒருக்களித்துப் படுங்கள். தண்ணீரை மாலை ஐந்து மணிவரை நன்றாகக் குடித்துவிட்டு, ஏறுவதற்கு முன் கழிப்பறை போய்விட்டு, பிறகு வாயை நனைக்கும் அளவு. அடியோடு நிறுத்தக் கூடாது. இரவுக்கு இட்லி போதும், பரோட்டா வேண்டாம். எல்லாவற்றையும்விட, ஊர் போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். எனக்கு விடியற்காலை ஆறுக்குள் முட்டும். அதனால் எட்டு மணிக்குச் சேரும் பேருந்து எனக்கு ஆகாது, மாலையே கிளம்புகிறதைப் பிடிப்பேன். அடக்கினால் குடல் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த முறை கல்லாகத்தான் வரும்.

இந்த இரவுப் பேருந்துகளை நிறுத்தும் மோட்டல்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம். கழிப்பறையில் காசு வாங்குகிறவர் மட்டும் தவறாமல் இருப்பார், தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்காது.

அந்தக் கழிப்பறைச் சுவரில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசி" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள். எங்கள் ஸ்டோர்ஸில் ஒருவர் போனார். என்ன மருந்து என்றே தெரியாமல் ஊசி போட்டு, சதை புண்ணாகி, மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்பதுதான் பயம் என்றால், உள்மூலத்துக்கு ரப்பர் வளையம் மாட்டும் முறை இருக்கிறது. அன்றே வீடு திரும்பிவிடலாம். ஒரு வாரம் பத்து நாளில் சதை வளையத்தோடு உதிரும்போது கொஞ்சம் ரத்தம் போகும், அந்த நாட்களில் நீண்ட பேருந்துப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வயது எழுதவில்லை. நாற்பதைத் தாண்டியிருந்தாலோ, ரத்தம் போவது நிற்காமல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, வழக்கமான நேரமும் தன்மையும் மாறிப்போனாலோ, நான் எழுதிய எதையும் செய்துகொண்டிருக்காமல் உள்ளே பார்க்கும் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். மலக்குடல் புற்றுநோயும் முதலில் ரத்தமூலம்போலத்தான் காட்டும்.