ஏழு சுற்றும் நூற்றெட்டுச் சுற்றும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் ஒரு சிறிய சன்னதியை நூற்றெட்டு முறை வலம் வருகிறேன். தியானம் என்று எண்ணித்தான் தொடங்கினேன். ஆனால் ஐம்பதைக் கடந்ததும் மனதில் எண்ணிக்கையைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. இடையில் எண் தவறினால் எரிச்சல் வருகிறது. இடது முழங்காலிலும் இலேசான வலி. அண்மையில் ஒரு நண்பர் தரையில் வரைந்த ஏழு சுற்றுப் புதிர்வட்டப் பாதையில் என்னை நடக்கச் சொன்னார். மையத்திற்கு அருகில் போன பிறகு பாதை என்னை மறுபடியும் வெளியே தள்ளியது. சிறுபிள்ளை விளையாட்டுபோல இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இவற்றில் எது உண்மையான தியானம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் விளையாட்டு என்று ஒதுக்கிய அந்தக் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் தியானத்திற்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். புதிர்வட்டம் என்ற பெயரால் இரண்டு வேறு அமைப்புகளைக் குறிக்கிறோம். ஒன்றில் பாதை கிளை பிரியும், முட்டுச்சந்துகள் உண்டு, வழி தவறலாம். அது அறிவுக்கு வைத்த சோதனை. நீங்கள் நடந்தது மற்றது. அதில் கிளையே கிடையாது. வாயிலில் நுழைந்தவர் நடந்துகொண்டே இருந்தால் மையத்தை அடைந்தே தீருவார். நம்மிடம் ஏழு சுற்றுக் கோட்டை என்று வழங்குவதும் இந்த வகைதான். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த, ஏறத்தாழ பொ.மு. 1200-ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றின் பின்புறத்தில் இதே ஏழு சுற்று, சதுர வடிவில் கீறப்பட்டிருக்கிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடப்பவருக்கு இல்லை என்பதால் கவனம் வேறொன்றிற்கு விடுபடுகிறது. அந்த வேறொன்று என்ன என்பதே கேள்வி.

வெளிச்சுற்றை ஒன்று என்றும், மையத்தை ஒட்டியதை ஏழு என்றும் எண்ணுங்கள். நுழைந்தவுடன் பாதை உங்களை மூன்றாம் சுற்றுக்கு அழைத்துச் செல்கிறது. அதை முடித்துத் திரும்பினால் இரண்டு, பிறகு ஒன்று. அதாவது மையத்தை நாடிப் புறப்பட்டவர் முதல் மூன்று சுற்றுகளிலும் மையத்திலிருந்து விலகிக்கொண்டே போகிறார். அடுத்து நான்கு, அங்கிருந்து ஒரே தாவலில் ஏழு. இங்கே மையம் ஒரு கோட்டுக்கு அப்பால், கை நீட்டினால் தொடும் தொலைவில் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்ட வழியில்லை. அதன் பின் ஆறு, ஐந்து. ஐந்தின் முடிவில்தான் மையம் திறக்கிறது. நீங்கள் வெளியே தள்ளப்பட்டதாக உணர்ந்த இடம் ஏழிலிருந்து ஆறுக்குத் திரும்பும் இடமாகத்தான் இருக்க வேண்டும். சுற்றுகளின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் நடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு முடிந்துவிட்டிருக்கும். கண்ணுக்கு மையம் விலகுகிறது, கால்களுக்கோ அது நெருங்குகிறது. கோபம் வந்தது பாதையால் அல்ல, கண் போட்ட கணக்கால். அந்தக் கணக்கு எழுவதையும், அது பொய்ப்பதையும், பொய்த்ததும் உடம்பில் எங்கே இறுக்கம் வருகிறது என்பதையும் நடந்தபடியே பார்ப்பதுதான் இங்கே செய்ய வேண்டியது.

பிரான்சின் சார்த்ர் பேராலயத் தரையில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த பதினொரு சுற்றுப் பாதை, ஏறத்தாழ 13 மீட்டர் விட்டத்துக்குள் 260 மீட்டர் நடையைச் சுருட்டி வைத்திருக்கிறது. அங்கே ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. தொடக்கத்திலேயே மையத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுகிறது. முடிவு நெருங்கும்போது வெளி விளிம்பில் நடக்கவிட்டு, அங்கிருந்து சட்டென்று உள்ளே அழைத்துக்கொள்கிறது.

புதிர்வட்ட நடையில் கவனம் விழித்துக்கொள்ளும் இடம் திருப்பம். நேர்நடையில் ஒருவர் இருபது எட்டுகளைத் தம்மையறியாமல் வைத்துவிட முடியும். அரை வட்டமாகத் திரும்பும்போது அது இயலாது, ஏனென்றால் உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று உடம்பே கேட்டுவிடுகிறது. தேரவாத பௌத்தத் துறவிகள் இருபது முப்பது எட்டு நீளமுள்ள நேர்ப்பாதையில் முன்னும் பின்னுமாக நடந்து தியானிக்கையில், இரு முனைகளிலும் நின்று திரும்புவதை நடையின் முக்கியப் பகுதியாகக் கொள்வது இதனால்தான். ஏழு சுற்றில் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் சுழலும் திசையும் மாறுகிறது. பலருக்கு இங்கே தலை சுற்றும். அவர்கள் குதிகாலை ஊன்றிச் சட்டென்று திருகிக்கொண்டு, காலடிக் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று நான்கு சிறு எட்டுகளாகத் திரும்பி, பார்வையை இரண்டு மீட்டருக்கு முன்னால் தாழ்வாக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வலம் வருதல் இதற்கு நேர் எதிரான அமைப்பு. அதில் திருப்பமில்லை, திசைமாற்றமில்லை, மையம் மறைவதுமில்லை. வலம் என்ற சொல்லே வலப்பக்கத்தைக் குறிக்கிறது: மையத்தை வலத்தோளுக்கு ஒப்படைத்துவிட்டு நடப்பது. திசை எங்கும் ஒன்றல்ல. கஅபாவை ஏழு முறை சுற்றுபவர்கள் அதை இடப்பக்கம் வைத்துச் சுற்றுகிறார்கள், திபெத்தின் போன் மரபினரும் இடமாகவே சுற்றுகிறார்கள். பொதுவாக இருப்பது ஒன்றுதான்: உடம்பின் ஒரு பக்கம் நடை முழுவதும் மையத்தை அறிந்துகொண்டே இருக்கிறது. என் அனுபவத்தில், எண்ணைவிட நல்ல பற்றுக்கோடு இந்தப் பக்க உணர்வுதான். கண்ணால் பார்க்காமல், வலத்தோளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவை மட்டும் உணர்ந்தபடி பத்துச் சுற்று நடந்து பாருங்கள். மனம் வேறெங்கோ போன நேரத்தில் அந்தத் தொலைவு கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். கவனம் தப்பியதை வட்டம் கோணியதே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் எண்ணிக்கைச் சிக்கலுக்கு வருகிறேன். எண் தியானத்தின் பகையல்ல. அதை நடை முழுவதும் சுமப்பதுதான் பகை. ‘அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று’ என்று சுற்று முழுவதும் சொல்லிக்கொண்டே போகிறவர் அடுத்த எண்ணுக்காக ஓடுகிறார். எண்ணை ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முகப்பைக் கடக்கும் கணத்தில் கையிலுள்ள மணியை ஒன்று நகர்த்துங்கள், அல்லது கூழாங்கல் ஒன்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுங்கள். மற்ற இடமெல்லாம் எண்ணற்ற நடையாக இருக்கட்டும். ஓட்டம் பிடித்துவிட்டதா என்று அறிய ஒரு கடிகாரம் போதும். என் நடையை ஒருமுறை அளந்தபோது முதற்சுற்று 40 விநாடி, தொண்ணூறுகளில் ஒரு சுற்று 27 விநாடி. நான் தியானித்துக்கொண்டிருந்ததாகத்தான் அதுவரை நம்பியிருந்தேன். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோருக்கு, நிறைமாதக் கர்ப்பிணியான அரசியைப்போல நடக்க வேண்டும் என்று ரமணர் சொல்வதுண்டு. வேகத்துக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது.

முழங்கால் வலிக்கு ஒரு சிறு கணக்கு. வலமாகச் சுற்றுகையில் இடக்கால் வெளிவட்டத்தில் நடக்கிறது. இரு பாதங்களின் தடங்களுக்கு இடையே 15 செ.மீ. என்று கொண்டால், ஒரு சுற்றில் இடக்கால் வலக்காலைவிட ஏறத்தாழ 94 செ.மீ. கூடுதலாகக் கடக்கிறது. வட்டம் பெரிதோ சிறிதோ, இந்த வேறுபாடு மாறாது. நூற்றெட்டுச் சுற்றில் அது 100 மீட்டரைத் தாண்டுகிறது. பெரிய வட்டத்தில் இது நீண்ட தொலைவில் கரைந்துபோகும். சிறிய சன்னதியைச் சுற்றும்போது ஒவ்வோர் எட்டிலும் பாதம் உட்புறம் திருகியே விழுகிறது. ஆகவே இருக்கும் இடத்தில் மிக அகன்ற சுற்றைத் தேர்ந்தெடுங்கள். மூலைகளைப் பாதத்தைத் திருகிக் கடக்காமல் சிறு எட்டுகளால் கடந்துசெல்லுங்கள். எண்ணிக்கையைச் சில வாரங்களுக்கு மூன்றில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். வலி அப்போதும் தொடர்ந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. புதிர்வட்டத்தில் இந்தச் சிக்கல் எழாது, சென்ற வழியே திரும்புவதால் இரு கால்களின் கணக்கும் சமனாகிவிடுகிறது.

எது உண்மையான தியானம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அவை வெவ்வேறு நோய்க்கான மருந்துகளாகத் தெரிகின்றன. முன்னால் ஓடும் மனமுடையவருக்கு, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு, புதிர்வட்டம் அந்த ஓட்டத்தை வெளிச்சமிட்டுக் காட்டும். சிதறும் மனமுடையவருக்கு, ஒன்றைப் பிடித்து நிற்க இயலாதவருக்கு, மாறாத வட்டம் நல்லது. உங்கள் கடிதத்தின்படி நீங்கள் முதல் வகை. எனவே நண்பரின் பாதைக்கு மறுபடியும் போகலாம்.

அவருடைய பாதை எப்போதும் கிடைக்காது என்றால் நீங்களே வரைந்துகொள்ளலாம். ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலை இடைவெளிகளிலும் ஒவ்வொரு செங்கோண மடக்கு, அவற்றுக்கு வெளியே நான்கு புள்ளிகள். இப்போது பதினாறு முனைகள் இருக்கும். கூட்டல் குறியின் மேல்நுனியை அதற்கு வலப்பக்கத்து அடுத்த நுனியோடு சிறு வளைவால் சேருங்கள். பிறகு இடப்பக்கத்து அடுத்த நுனியை வலப்பக்கத்தில் அடுத்ததாக இருக்கும் முனையோடு, முந்தைய வளைவின் மேலாகச் சேருங்கள். இப்படியே எட்டு வளைவுகள். முதலில் காகிதத்தில் இரண்டு முறை வரைந்து கை பழகட்டும். தரையில் பாதையின் அகலம் 60 செ.மீ. என்றால் குறுக்கே 9 மீட்டர் வேண்டும், நடை ஏறத்தாழ 90 மீட்டர் வரும். அகலத்தை 40 செ.மீ.க்குக் குறைத்தால் இடம் மிச்சமாகும், ஆனால் திருப்பங்களில் கால் கோட்டில் விழுந்துகொண்டே இருக்கும்.

மையத்தில் நின்றதும் பலர் கோடுகளைத் தாண்டி நேராக வெளியே வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். திரும்பும் வழியில் சுற்றுகள் ஐந்து, ஆறு, ஏழு என்று தொடங்கும். மையத்தை விட்டுப் புறப்பட்டவரை பாதை மூன்றாவதாக வரும் ஏழாம் சுற்றிலேயே மீண்டும் அதன் ஓரத்துக்கு அழைத்து வரும். அந்த இடத்தில், போகும்போது வந்த கோபத்தின் இடத்தில், இப்போது என்ன வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.