பழைய கணக்கில் மீட்பு வழிகளை எந்த வரிசையில் மாற்றுவது?

கேள்வி: என் மின்னஞ்சல் கணக்கு 2008-ல் தொடங்கியது. லேப்டாப்பில் இன்னும் திறந்தே இருக்கிறது, கடவுச்சொல்லும் தெரியும். ஆனால் அதில் கொடுத்த மொபைல் எண் இப்போது என்னிடம் இல்லை. மாற்று மின்னஞ்சலும் போய்விட்டது. பாதுகாப்புக் கேள்விக்கு என்ன பதில் எழுதினேன் என்பதும் மறந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதல் வேலை, அந்த லேப்டாப்பில் லாக்அவுட் செய்யாமல் இருப்பது. குக்கிகளையும் அழிக்காதீர்கள். புதுக் கருவியிலிருந்து நுழைந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்படலாம். அத்தோடு வழி அடைபட்டுவிடும். பழகிய கருவி, பழகிய இணைய இணைப்பு என்றால் கெடுபிடி பெரும்பாலும் குறைவு.

நீங்கள் விட்ட எண் சும்மா கிடக்காது. நிறுவனங்கள் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். மின்னஞ்சல் முகவரிக்கும் இந்த ஆபத்து உண்டு. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத ஐடிகளை யாஹூ 2013-ல் புதியவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆகவே இரண்டையும் நீக்கியே ஆக வேண்டும். ஆனால் புதியதைச் சேர்த்து, அதற்கு வரும் குறியீட்டை இட்டு உறுதி செய்த பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும்.

எடுத்த உடனே எல்லாம் மாறிவிடாது. கூகுளில் மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப அது முன்வரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பழைய வழி ஒன்றுகூட கைவசம் இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றக் கேட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் திருடன் ஒருவன் உள்ளே புகுந்து மாற்றினால், உண்மையான உரிமையாளர் தடுப்பதற்கான அவகாசமும் அதுதான்.

பாதுகாப்புக் கேள்வியை நீக்க முடிந்தால் நீக்கிவிடுங்கள். 2015-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுவோரின் பிடித்த உணவை ஒரே ஊகத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம் இருந்தது. 2014-ல் யாஹூவில் திருடப்பட்ட தரவில் இந்தக் கேள்வி பதில்களும் இருந்தன, சில மறைகுறியாக்கம்கூட இல்லாமல். அதே பதிலை வேறு தளத்தில் கொடுத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள்.

நீக்க விடாத தளத்தில் உண்மைப் பதில் வேண்டாம். தொடர்பில்லாத மூன்று சொற்களை எழுதி, கடவுச்சொல் மேலாளரில் சேமியுங்கள். கண்டபடி எழுத்துகளைத் தட்டி வைக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவையை அழைக்கும் மோசடிக்காரன் “ஏதோ கண்டபடி தட்டினேன்” என்று சொன்னாலே சில ஊழியர்கள் விட்டுவிடுவார்கள்.

இருபடிச் சரிபார்ப்பை இயக்கினால் கூகுள் 10 காப்புக் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றை அச்சிட்டு வையுங்கள், அதே மின்னஞ்சல் பெட்டியில் அல்ல.

ஒரு வாரம் கழித்து, லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, வேறு கருவியில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ வழியாகப் போய்ப் பாருங்கள். திரையில் காட்டும் கடைசி இரண்டு இலக்கங்கள் புது எண்ணுடையவை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பழைய எண்ணே வந்தால், அமைப்பில் வேறொரு பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தில் இருக்கும்.