விலைவாசியைக் கழித்தால் தங்கத்தில் என்ன மிஞ்சும், எஃப்டியில் என்ன மிஞ்சும்?

கேள்வி: "கையில் 8 லட்சம் இருக்கிறது. மகளின் காலேஜ் செலவுக்கு இன்னும் 6 வருஷத்தில் தேவைப்படும். பேங்கில் போட்டால் விலைவாசி தின்றுவிடும், தங்கமாக வாங்கிவிடு என்கிறார் என் அண்ணன். எனக்கு வருஷம் 10 லட்சம் சம்பளம். எது சரி?"

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, எந்த வருஷம் வாங்கி எந்த வருஷம் விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கும் 6 வருஷக் கணக்குதான் என்பதால், அதே நீளத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு காலங்களைப் பார்ப்போம்: 2012 முதல் 2018 வரை, 2018 முதல் 2024 வரை. இந்த இரண்டையும் எடுக்கக் காரணம் உண்டு. அரசு வெளியிட்டுவந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் 2012ஆம் ஆண்டுதான் 100. அது 2018இல் ஏறத்தாழ 139, 2024இல் ஏறத்தாழ 190. அதாவது இரண்டு காலத்திலும் விலைவாசி கிட்டத்தட்ட ஒரே அளவுதான், 39, 37 சதவீதம், ஏறியிருக்கிறது. விலைவாசிக்கு எதிராகத் தங்கம் காவல் என்றால் இரண்டு முறையும் ஒரே மாதிரி காத்திருக்க வேண்டும், இல்லையா?

2012இல் 22 காரட் ஒரு பவுன் சராசரியாக 22,500 ரூபாய் பக்கம் இருந்தது. 2018இல் 23,500 பக்கம். ஆறு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் ஏற்றம்! விலைவாசி அளவுக்காவது ஏறியிருந்தால் பவுன் 31,000ஐத் தாண்டியிருக்க வேண்டும். அப்போது வாங்கி 2018இல் மகள் படிப்புக்காக விற்றவருக்கு, வாங்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு போயே போய்விட்டது. அதே பணத்தை 2012இல் பொதுத்துறை வங்கியில் 8.5 சதவீதத்துக்குப் போட்டவருக்கு, வரி இல்லை என்று வைத்தால், லட்சம் ரூபாய் 1,65,000 ஆகியிருக்கும். 1.65ஐ 1.39ஆல் வகுத்தால் 1.19, ஆக ஆறு வருஷத்தில் நிஜ லாபம் 19 சதவீதம். (வட்டி விகிதத்திலிருந்து விலைவாசி விகிதத்தைக் கழித்துப் பார்ப்பது ஒரு வருஷத்துக்குச் சரி. பல வருஷம் என்றால் இப்படி வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.)

அடுத்த ஆறு வருஷம் அப்படியே தலைகீழ். 23,500 இருந்த பவுன் 2024இல் சராசரியாக 53,000ஐத் தாண்டியது, விலைவாசியைக் கழித்த பிறகும் 65 சதவீதம் போல லாபம். எஃப்டிக்கோ 2018இல் 6.8 சதவீதம்தான் கிடைத்தது, லட்சம் ஒன்றரை லட்சம் ஆனது, நிஜ லாபம் 10 சதவீதம் போல. அதுவும் வரி கட்டாதவருக்கு. 30 சதவீத வரம்பில் இருந்தவர் வட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் வரி கட்டியிருந்தால், போட்ட பணத்தின் மதிப்பில் 3 சதவீதம் இழந்திருப்பார்.

விலைவாசி இரண்டு முறையும் ஒரே அளவு ஏறியும் தங்கம் ஏன் இப்படி நடந்துகொண்டது? நம் ஊர்த் தங்க விலை நம் ஊர் விலைவாசியைப் பார்த்து ஏறுவதில்லை. சர்வதேச டாலர் விலை, டாலருக்கு எத்தனை ரூபாய், இறக்குமதி வரி எவ்வளவு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கடைப் பலகையில் எழுதும் விலை. 2012இல் ஓர் அவுன்ஸ் சராசரியாக 1,670 டாலர் இருந்தது, 2018இல் 1,270க்கு இறங்கிவிட்டது. அதே காலத்தில் டாலர் 53 ரூபாயிலிருந்து 68க்கு ஏறியது. பெருக்கிப் பாருங்கள், இரண்டு வருஷத்துக்கும் ஏறத்தாழ ஒரே தொகை வரும். ரூபாய் சரிந்ததுதான் இங்கே விலை விழாமல் தாங்கிப் பிடித்தது. இறக்குமதி வரி சங்கதி வேறு: 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 15 சதவீதத்திலிருந்து 6ஆகக் குறைத்ததும், சில நாட்களுக்குள் பவுனுக்கு ஆயிரக்கணக்கில் விலை இறங்கியது. ரூபாய் சரிவுக்குத் தங்கம் நல்ல காவல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு வருஷத்தில் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸுக்கு அது காவல் என்று சொல்ல என்னால் முடியாது.

பன்னிரண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் 2012இலிருந்து 2024 வரை தங்கத்தில் நிஜ லாபம் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, வரியில்லாத எஃப்டியில் 2க்குச் சற்று மேலே. ஏறக்குறைய ஒன்றுதான். 2025இல் தங்கம் பாய்ந்ததைச் சேர்த்தால் தங்கம் வெகு தூரம் முந்திவிடும். இப்போது எல்லோரும் தங்கம் தங்கம் என்பதற்குக் காரணம் அந்தக் கடைசிப் பாய்ச்சல்தான். 2012இலும் இதே பேச்சுதான் இருந்தது, அதற்கு முந்தைய சில வருஷ ஏற்றத்தைப் பார்த்து.

இதுவரை சொன்னது பலகை விலைக் கணக்கு. நகையாக வாங்கினால் கதை வேறு. செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்த்து 13 சதவீதம் கூடுதல் என்றால் அந்த 22,500 பவுனுக்கு 25,500 கொடுத்திருப்பீர்கள். விற்கும்போது 2 சதவீதம் கழித்தால் 2024இல் 52,000 சொச்சம் கைக்கு வரும். விலைவாசியைக் கழித்தால் பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து மொத்த லாபம் 8 சதவீதம். வருஷத்துக்கு அல்ல, மொத்தமே அவ்வளவுதான். மகளுக்குப் போட்டு அழகு பார்க்க நகை வாங்குங்கள், அது வேறு சந்தோஷம், ஆனால் அதைப் படிப்புச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, உங்கள் 8 லட்சத்துக்கு வருவோம். உங்கள் சம்பளம்தான் இங்கே முக்கியம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை, எஃப்டி வட்டியும் அந்த 12 லட்சத்துக்குள்தான் சேரும். தங்கத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் வரும் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, அதற்கு அந்த 12 லட்சச் சலுகை கிடையாது. ஆக, இன்றைய நிலையில் உங்களுக்கு எஃப்டி வரியில்லாத சேமிப்பு. சம்பளம் ஏறி, வரிக்கு உட்பட்ட மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டும் வருஷம் இந்தச் சாதகம் போய்விடும், அப்போது கணக்கை மறுபடி போட வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 6 லட்சத்தை எஃப்டியிலும் 2 லட்சத்தைத் தங்கத்திலும் வைப்பேன். 6.5 சதவீதம் கிடைத்தால் 6 லட்சம் ஆறு வருஷத்தில் 8.8 லட்சம் ஆகும். விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால் இன்றைய 6 லட்சத்துக்கு அப்போது 8 லட்சம் தேவை, அதைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆனால் காலேஜ் ஃபீஸ் 8 சதவீதம் ஏறினால் 9.5 லட்சம் வேண்டும், அங்கே எஃப்டி போதாது. அந்தத் துண்டுக்காகத்தான் தங்கம். அதனால் மகள் சேர நினைக்கும் படிப்புக்குப் போன வருஷமும் அதற்கு ஐந்து வருஷம் முன்பும் என்ன ஃபீஸ் வாங்கினார்கள் என்று காலேஜில் படித்த பிள்ளைகளின் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு விலைவாசி அரசுக் குறியீட்டில் இல்லை, அந்த ரசீதுகளில் இருக்கிறது.

எஃப்டியை இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு, உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. தங்கத்தை இடிஎஃப் ஆக, அதாவது தங்க விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கும் ஃபண்டு யூனிட்டாக, மாதம் கொஞ்சமாக ஒரு வருஷத்துக்கு மேல் பரப்பி வாங்குங்கள். அப்புறம், ஃபீஸ் கட்டும் மாதம் வரை விற்கக் காத்திருக்க வேண்டாம். நாலாவது, ஐந்தாவது வருஷத்தில் நல்ல விலை கிடைத்தால் அப்போதே விற்று, மிச்ச நாளுக்கு எஃப்டியில் போட்டுவிடுங்கள்.